குப்பைமேனி சோப்புக்கு மூன்று நாள் கவுண்ட்டவுன்: எந்த நாள் எதைக் காட்டினோம்

ஈரோட்டிலிருந்து:

புதுச் சோப்பு விடும் முன் மூன்று நாள் கவுண்ட்டவுன் போட்டவர்கள், ஒவ்வொரு நாளும் எதைச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆடி முடிந்த கையோடு நான் விட்ட குப்பைமேனி சோப்பை வைத்தே சொல்கிறேன்.

சோப்பு முழுசாகக் காய்ந்து, தராசில் எடை இறங்குவது நின்ற பிறகுதான் முதல் நாள் படத்தையே போடுவேன். காஸ்டிக் சோடா கலந்து செய்யும் சோப்பு, வெட்டிய பிறகு நாலு முதல் ஆறு வாரம் காற்றோட்டமாக அடுக்கில் இருந்தாக வேண்டும். அதற்குள் மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்கலாம், மழைக்காலத்தில் காய்வதே தள்ளிப் போகலாம். ஊருக்கெல்லாம் தேதி சொல்லிவிட்டு அப்புறம் அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த தடவை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள், வெள்ளிக்கிழமை. சோப்பைக் காட்டவே இல்லை. செடியின் ஓர் இலையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ஓரமெல்லாம் ரம்பப் பல். கீழே ஒரே ஒரு கேள்வி: “இந்தச் செடியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை ஓடி வந்து புரளும். பெயர் என்ன?” குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு, தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். பாட்டி மஞ்சளோடு அரைத்துப் பூசிய கதையைப் பாதிப் பேர் எழுதினார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். வாசனையை போனில் அனுப்ப முடியாது, ஆனால் இலையைப் பார்த்ததும் அந்த மணம் அவர்களுக்கே ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். எல்லோரும் அன்றைக்கு வெட்டுகிற வீடியோ போடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வீடியோ எடுத்தது, சோப்பு அச்சிலிருந்து வெளியே வந்த மறுநாள். அப்போது குப்பைமேனிப் பொடி போட்ட சோப்பு நல்ல பச்சையாக இருக்கும். ஆறு வாரத்தில் அந்தப் பச்சை நிற்காது. சோப்பின் காரமும் வெளிச்சமும் சேர்ந்து அதைக் காய்ந்த இலை நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பச்சை வீடியோவைப் பார்த்து வாங்கியவர் கையில் பழுப்புக் கட்டி போனால் பழைய சரக்கு என்றுதான் நினைப்பார். அதனால் அந்த மாற்றத்தையே அன்றைக்கு வெளியிட்டேன். கத்தி இறங்கும்போது தெரிகிற பச்சை, அடுத்த காட்சியில் என் உள்ளங்கையில் இன்றைய கட்டி. “வெட்டிய அன்று இப்படி, உங்களிடம் வரும்போது இப்படி.” நிறத்தைப் பற்றி அதற்கப்புறம் ஒரு புகார் வரவில்லை.

அதே நாள் மாலை நுரை வீடியோ. எங்கள் போர் தண்ணீரிலேயே எடுத்தேன். உப்புத் தண்ணீரில் எந்தச் சோப்புக்கும் நுரை குறையும். கேன் தண்ணீரில் நுரை காட்டி விற்றால், போர் தண்ணீர் வீட்டுக்காரர் ஏமாந்துபோவார்.

மூன்றாம் நாள் காலையில் எடை, விலை, எத்தனை கட்டி. ராத்திரி 7 மணிக்கு ஆர்டர். வெட்டும்போது 115 கிராம் இருந்த கட்டி காய்ந்து 103, 104க்கு வந்திருந்தது. அட்டையில் 100 கிராம் என்று அச்சிட்டேன். மொத்தம் 36 கட்டி வந்தது, 34 என்றுதான் சொன்னேன். கூரியரில் உடைந்தால் மாற்றிக் கொடுக்க இரண்டு கையில் வேண்டும்.

மதுரையிலிருந்து:

அக்கா, இரண்டாம் நாளில் நான் பலனைத்தான் சொல்வேன். அரிப்பு, சொறி, படை எல்லாம் போகும் என்று போட்டால்தான் ஆட்கள் நிற்பார்கள். மூலிகைதானே, வீட்டில் கையால் செய்வதுதானே, இதற்கு லைசென்ஸ் எல்லாம் கேட்க மாட்டார்கள். எடையையும் விலையையும் அட்டையில் போட்டால் போதும்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, அட்டையைப் பற்றிச் சொன்னது பாதி சரி. எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், செய்தவர் பெயர் முகவரி எல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும். மற்றது சரியில்லை. குளியல் சோப்பு சட்டத்தில் அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்தால், அடுப்படியில் செய்தாலும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 2020 அழகுசாதன விதிகளில் அது இருக்கிறது. சொறி, படை போகும் என்று எழுதிய உடனே அது மருந்து என்று சொல்வதாகிவிடும், அது வேறு வம்பு. என் நாத்தனார் இப்படித்தான் கவுண்ட்டவுனில் “தோல் நோய்க்கு” என்று போட்டாள். வாங்கிய ஓர் அம்மா டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்திவிட்டு இதையே தேய்த்திருக்கிறார். புண் அதிகமாகி, போன் பண்ணி அழுதார். அன்றைக்கே எல்லாப் பதிவையும் எடுத்துவிட்டாள். இலை, எண்ணெய், நிறம், நுரை இவற்றை மட்டும் காட்டினாலே மூன்று நாள் தாராளமாக ஓடும்.

இன்னொன்று, வெள்ளியன்று இலையைக் காட்டியது நல்லது. ஆனால் பெயரைச் சொன்னதும் சிலர் இலை வாசனையை எதிர்பார்ப்பார்கள். பொடியின் வாசனை காஸ்டிக் சோடாவில் நிற்காது. நீங்கள் என்ன வாசனை சேர்த்தீர்கள், எந்த நாள் சொன்னீர்கள்?

ஈரோட்டிலிருந்து:

லெமன்கிராஸ் எண்ணெய். மூன்றாம் நாள் எடைக்கு மேலேயே அதை எழுதினேன். நீங்கள் சொல்வது சரிதான், இரண்டாம் நாளுக்கே அதைக் கொண்டுவரலாம் போலிருக்கிறது.

திருச்சியிலிருந்து:

மூன்று நாளில் சோப்பு தயாராகுமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று நினைத்து வந்தேன். நான் கிளிசரின் பேஸை உருக்கி ஊற்றுகிறவள், எனக்கு மூன்று மணி நேரத்திலேயே ஆகிவிடும். அதனால் முதல் நாள் கவுண்ட்டவுன் போடும்போது என்னிடம் சோப்பே இருக்காது, மூன்றாம் நாள் காலையில்தான் ஊற்றுவேன். ஒரு தொல்லை மட்டும் உண்டு. படம் எடுக்கத் திறந்து வைத்தால், காற்றில் ஈரம் இருக்கிற நாளில் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கட்டிவிடுகிறது. வேர்த்துப்போன சோப்பு மாதிரி இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து:

கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் அம்மா, சோப்பு கெடவில்லை. ஊற்றி ஆறினதும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றிவிடுங்கள், படத்தையும் சுற்றும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

கோவையிலிருந்து:

நான் வாட்ஸாப்பில்தான் விற்கிறேன். முதல் தடவை கவுண்ட்டவுன் போட்டபோது இரண்டாம் நாள் படத்தைப் பார்த்தவர்களில் நிறையப் பேர் முதல் நாளைப் பார்த்திருக்கவில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். போதாததற்கு, நம் நம்பரைச் சேமித்து வைக்காதவருக்கு ஸ்டேட்டஸும் தெரியாது, பிராட்காஸ்ட்டும் போகாது. இப்போது கவுண்ட்டவுனுக்கு முந்தின வாரம் பழைய வாடிக்கையாளர்களிடம் நம்பரைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு நாள் படத்தின் ஓரத்திலும் முந்தின நாள் படத்தைச் சின்னதாக ஒட்டிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கர் இருக்கிறது, அதைத் தொட்டு வைத்தவருக்கு நேரம் வந்ததும் அதுவே ஞாபகப்படுத்தும். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் நாமேதான் 7 மணிக்கு ஒவ்வொருவராக எழுப்ப வேண்டும்.

விலையைக் கடைசி நாள் வரை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. முதல் நாளிலிருந்தே “எவ்வளவு?” என்றுதான் கேட்கிறார்கள். சொல்லாமல் விட்டால் ஏதோ பெரிய விலை என்று நினைத்துப் போய்விடுகிறார்கள்.

ஈரோட்டிலிருந்து:

கேட்டவருக்குத் தனியாகச் சொல்லிவிடுவேன், மறைப்பதில்லை. ஆனால் முதல் நாளே படத்தில் 120 ரூபாய் என்று எழுதினால், பாட்டி கதை எழுதுகிற இடத்தில் கடைச் சோப்பு விலைக் கணக்குதான் ஓடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். அடுத்தது ஆவாரம்பூ சோப்பு, கார்த்திகையில் விடுகிறேன். அதற்கு இரண்டாம் நாளே விலையைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.