கோப்புப் பெயரில் ண, ன, ந: ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்துக் கொப்பிகளை ஸ்கேன் செய்து, பாட்டின் முதற்சொல்லை ஆங்கில எழுத்தில் கோப்புப் பெயராக வைக்கிறோம். பெயரிலிருந்து தமிழ்ச் சொல் பிசகாமல் திரும்பி வரவேண்டும்.

முதலில் ண-வுக்கு `N`, ன-வுக்கு `n` என்று வைத்தோம். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் விண்டோஸ் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. `maNam` மேல் `manam` போய் உட்கார்ந்து, 'மணம்' அழிந்தது! `nn` என்றால் 'அன்னை'யின் இரட்டை ன-வோடு மோதும். ஐஎஸ்ஓ 15919 எழுத்துப்பெயர்ப்பு முறையின் `ṇ`, `ṉ` எங்கள் விசைப்பலகையில் இல்லை.

ந-வுக்குத் தனி எழுத்து வேண்டாம் என்று நினைக்கிறேன். சொல் முதலிலும் த-வுக்கு முன்னும் வரும் `n` ந-தான். அப்புறம் 'அநியாயம்', 'முந்நூறு' போன்ற சொற்கள் மட்டும் உதைக்கின்றன. அவற்றுக்கு `n3` போடலாம்.

ண-வுக்கு `n2` போட்டால் 'அண்ணன்' `an2n2an` ஆகிறது, பார்க்கவே சகிக்கவில்லை. தமிழுக்குத் தேவைப்படாத `q` பரவாயில்லையா? வேறு யோசனை இருக்கிறதா?