டெஸ்டிமோனியலுக்கும் ரெஃபரலுக்கும் சொல் வேணும், புதன்கிழமைக்குள்ள

வாணி, கோவை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு மாடியில சோலார் பேனல் போட்டுத்தர்ற ஒரு கம்பெனிக்கு வாட்ஸப் மெசேஜ் எல்லாம் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கேன். நெட் மீட்டர் மாட்டி, பாக்கிப் பணமும் வந்து சேர்ந்ததும் கஸ்டமருக்கு ஒரு நன்றி மெசேஜ் போகும், அதுக்குக் கீழ ரெண்டு பட்டன், ஒண்ணு டெஸ்டிமோனியல் எழுத, அதாவது வேலை எப்படி இருந்துச்சுன்னு அவங்க வாயால சொல்ல, இன்னொண்ணு தெரிஞ்சவங்களை ரெஃபர் பண்ண. கம்பெனிக்காரங்க ரெண்டுக்குமே 'பரிந்துரை'ன்னு போட்டு அனுப்பியிருக்காங்க, எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியல. 25 எழுத்துக்குள்ள அடங்கணும், அதுலயும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தா எண்ணிக்குது. சொல்லு குடுங்க.

புலவர் ஐயா, மதுரை:
அம்மா, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ற சொல்லு நம்மகிட்ட இருக்கு. ஆற்றுப்படை. வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், வழியில வறுமையோட வர்ற இன்னொரு பாணனைப் பார்த்து 'எனக்கு இவ்வளவு கிடைச்சது, நீயும் அவன்கிட்ட போ'ன்னு சொல்றது. தொல்காப்பியம் புறத்திணையியல்ல 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ'ன்னு வருதே, அதுல முதல் பாதி டெஸ்டிமோனியல், அடுத்த பாதி ரெஃபரல். பத்துப்பாட்டுல பாதி இந்த வகைதான். மலைபடுகடாத்துக்கே கூத்தராற்றுப்படைன்னு இன்னொரு பேரு. ஆறுன்னா வழி. 'ஆற்றுப்படுத்த'ன்னு பட்டன் போடுங்க.

சிவா, யாழ்ப்பாணம்:
ஐயா, விளக்கம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்க ஆற்றுப்படுத்தல் எண்டா மனசு நொந்தவைக்குச் செய்யிற கவுன்சிலிங். ஆற்றுப்படுத்துநர் எண்டு வேலையே இருக்கு. சோலார் வாங்கின ஆளுக்கு அந்தப் பட்டனைக் காட்டினா, என்ன நடந்தது எண்டு எங்கட சனம் பயந்துபோகும்.

புலவர் ஐயா:
அது துயர் ஆற்றுறதுங்கிற வினையோட இதைக் கலந்துட்டதால வந்தது தம்பி. ஆறு வேற, ஆற்று வேற.

சிவா:
அப்பிடியும் இல்லை ஐயா, அவையும் வழிகாட்டுறது எண்ட பொருளிலதான் எடுத்தவை எண்டு எங்கட ஆசிரியர் சொல்லுவார். எதுவா இருந்தாலும் சொல் இப்ப அந்த வேலைக்குப் போயிட்டுது.

பாலு, திருச்சி:
நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு. எங்க லைன்ல பாலிசில கையெழுத்து வாங்கின உடனே 'சார், அஞ்சு பேர் நம்பர் குடுங்க'ன்னு டைரியை நீட்டிருவோம், அதுக்கு ரெஃபரன்ஸுன்னுதான் பேரு, எல்லாருக்கும் புரியுது, இதுக்கு ஏன் தமிழ்? நன்றி, டெஸ்டிமோனியல், ரெஃபரன்ஸ் மூணையும் அன்னைக்கே வாங்கிரணும், விட்டா போச்சு.

கதிர், ஈரோடு:
பாலு அண்ணே, நானும் சோலார் விக்கிற ஆளுதான், அதனால சொல்றேன். பாலிசிக்கு அது சரி வரலாம், சோலாருக்கு வராது. மீட்டர் மாட்டின அன்னைக்கு கஸ்டமருக்கு என்ன தெரியும்? பசங்க நேரத்துக்கு வந்தாங்க, தண்ணித் தொட்டியை ஒடைக்கல, அவ்வளவுதான். நம்மூர்ல கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், அதுவும் மீட்டர் மாட்டினதுக்கு அப்புறம்தான் பேங்குல ஏறும். அன்னைக்கே எழுதச் சொன்னா 'நல்ல சர்வீஸ், நன்றி'ன்னு ஒரு வரி வரும், அதைப் படிச்சு ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. முதல் பில்லு வந்தப்புறம் கேட்டா, பழைய பில்லு எவ்வளவு, புதுசு எவ்வளவுன்னு அவரே எழுதுவாரு.

இன்னொண்ணு, அடுத்தவங்க நம்பரைக் கேக்கவே கேக்காதீங்க. சம்மதம் சொல்லாத ஆளுக்குப் போன் அடிச்சா அவரு கடுப்பாகிறாரு, நம்பர் குடுத்த நம்ம கஸ்டமருக்கும் சங்கடம். 2023-ல தனிநபர் தரவுச் சட்டமும் வந்தாச்சு. கஸ்டமரே ஃபார்வர்ட் பண்ற மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா விருப்பம் இருக்கிறவங்க தானா வருவாங்க.

புலவர் ஐயா:
சரி, அப்ப டெஸ்டிமோனியலுக்கு மட்டும் பழைய சொல்லு 'கரி'. சாட்சின்னு பொருள். குறள்லயே 'இந்திரனே சாலுங் கரி'ன்னு வருது. கரியுரைன்னு வைக்கலாம்.

வாணி:
ஐயா, கரண்ட்டு சம்பந்தப்பட்ட கம்பெனி, கரின்னா பேனல் எரிஞ்சு போச்சுன்னு நெனைப்பாங்க. நற்சான்று?

சிவா:
நற்சான்று எண்டா பள்ளிக்கூடத்தால விலகேக்க அதிபர் சீல் குத்தித் தாற பத்திரம்தான் ஞாபகம் வருது. மேல இருக்கிறவர் கீழ இருக்கிறவருக்குக் குடுக்கிறது மாதிரி.

புலவர் ஐயா:
சான்று, சான்றோன் ரெண்டுக்கும் 'சால்'ங்கிற ஒரே வேர். நிறைவானவன் சொல்றதுதான் சான்று, அதுல மேல கீழங்கிறது எங்க வந்தது? சான்றுரைன்னு வைங்க. 'பரிந்துரை'யும் பரிவோட உரைக்கிறதுதான், அருமையான சொல்லு, டாக்டர், ஆபீஸ் எல்லாம் எடுத்துக்கிட்டு அதைத் தேய்ச்சுப்புட்டாங்க.

கதிர்:
ஐயா, சான்றுரை வெப்சைட்டுல தலைப்பா இருந்தா நல்லா இருக்கும். ஆனா பட்டனை அமுக்கப்போறது அந்தியூர்ல மோட்டார் ஓட்டுற விவசாயி. சான்றுன்னா தாலுகா ஆபீஸ்ல வாங்கற காகிதம்னு நெனைச்சு, எதுல கையெழுத்துப் போடறமோன்னு விட்டுருவாரு. என்ன செய்யப்போறாருன்னு வினையாச் சொல்லிடுங்க. 'அனுபவம் சொல்ல', 'தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல'. நான் எழுதினா மெசேஜ் இப்படி இருக்கும்:

'வணக்கம் அண்ணா. உங்க வீட்டு சோலார் ஓட ஆரம்பிச்சு முதல் பில்லு வந்திருக்கும். எங்களை நம்பி வேலை குடுத்ததுக்கு நன்றி. ஏதாவது கோளாறு இருந்தா முதல்ல அதைச் சொல்லுங்க, சரி பண்ணிடறோம். எல்லாம் சரியா இருந்தா ஒரு கேள்வி: சோலார் போடறதுக்கு முன்னாடி எதை நெனைச்சு தயங்கினீங்க, இப்ப எப்படி இருக்கு? ரெண்டு வரி போதும். உங்க பேரும் ஊரும் போடலாமான்னும் சொல்லுங்க. பக்கத்துல யாராவது யோசிச்சுக்கிட்டு இருந்தா கீழ இருக்கிறதை அவங்களுக்கு அனுப்புங்க.'

அந்த 'தயங்கினீங்க'தான் முக்கியம். 'மழைல ஒழுகுமோன்னு பயந்தேன்'னு ஒருத்தர் எழுதினா, அதே பயத்தோட இருக்கிற அடுத்தவருக்கு அதுதான் பதில்.

பாலு:
எழுதிக் குடுத்தா 500 ரூபாய்னு போடுங்க, எல்லாரும் எழுதுவாங்க.

கதிர்:
அது வேண்டாம்ணே. காசு குடுத்து வாங்கின ரிவ்யூவை கூகுள் ஒத்துக்காது, எடுத்துரும். ஆளு சேர்த்துவிட்டதுக்குக் குடுக்கறது வேற, ஆனா இவருக்குப் பணம் போகுதுன்னு வர்ற ஆளுக்கும் தெரியணும்.

வாணி:
எண்ணிப் பாத்துட்டேன். 'தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல' சரியா 25 வருது, 'அனுபவம் சொல்ல' 13. இதையே குடுக்கறேன், வெப்சைட்டுத் தலைப்புக்கு ஐயாவோட சான்றுரை. மெசேஜை முதல் பில்லுக்கு அப்புறம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், கம்பெனிக்காரங்க பாக்கிப் பணம் வந்த அன்னைக்கே வேணும்கறாங்க, இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன்.

கதிர்:
அன்னைக்கு வெறும் நன்றியும் சர்வீஸ் நம்பரும் மட்டும் போகட்டும், பட்டன் ரெண்டும் பில்லுக்கு அப்புறம் தனியா போகட்டும். ரெண்டு மெசேஜா பிரிக்கச் சொல்லிக் கேளுங்க.

சிவா:
அப்பிடியே செய்யுங்கோ. ஆனா 'தெரிஞ்சவங்க' எண்டதை எங்கட பக்கம் 'தெரிஞ்ச ஆக்கள்' எண்டுதான் எழுதோணும். அது கோவை கம்பெனி எண்டதால விடுறன்.

புலவர் ஐயா:
பெரும்பான்மை அதுன்னா இருக்கட்டும். ஆனா அது சொல்லு இல்ல, வாக்கியம். நாளைக்கு ஒருத்தர் இதே தலைப்புல பாடம் நடத்தணும்னு வந்தா 'தெரிஞ்சவங்களுக்குச் சொல்லல்'னா எழுதுவாரு? ரெஃபரலுக்கு இன்னும் பெயர்ச்சொல் வைக்கல. என் ஓட்டு ஆற்றுப்படைக்குத்தான், பதிஞ்சு வைங்க.