புதுப்பிப்பு: மின் கட்டணப் புகார்க் கடிதம்

முன்பு கேட்டது: "எப்போதும் 320 யூனிட் வரும், இந்த முறை 952 யூனிட்டுக்கு பில். மின் அலுவலகத்துக்குச் சண்டை போடாமல், ஆனால் அழுத்தமாக எப்படி எழுதுவது?"

என் முதல் வரைவில் "அநியாயம்", "பகல்கொள்ளை" எல்லாம் இருந்தன. ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர் ஒருவர் இங்கே, "கோபத்தை விடுங்க, மீட்டரைப் போட்டோ எடுங்க" என்றார். அதுதான் திருப்பம். பில்லில் அளவீடு 15,814. ஐந்து நாள் கழித்தும் மீட்டரில் 15,211 தான்! அளவெடுத்த அன்று 15,184 ஆக இருந்திருக்கும். 1, 8 இடம் மாறிவிட்டன.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி ஆனது:

"பட்டியலில் குறித்த அளவீட்டை மீட்டர் இன்னும் எட்டவில்லை, தேதியுடன் புகைப்படம் இணைத்துள்ளேன். மறு அளவீடு செய்து பட்டியலைத் திருத்தித் தருமாறும், அதுவரை இணைப்பைத் துண்டிக்காமலிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

மீட்டரைச் சோதிக்கக் கேட்கச் சொன்ன நண்பருக்கு: மீட்டர் வேகமாக ஓடினால் அது சரி. இங்கே ஓடியது பேனா. (ஏசி வாங்கியதால் தனக்கும் பில் ஏறியது என்றவருக்கு: என் வீட்டில் ஏசியே இல்லை ஐயா.)

நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். மறு அளவீட்டில் தவறு உறுதியாகி, 322 யூனிட்டுக்குப் புதுப் பட்டியல் வந்தது. ஆனால் தாமதக் கட்டணம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.