புதுப்பிப்பு: வழங்குநர் ஒப்பந்தங்களிலிருந்து மூன்று வாசகங்களை அட்டவணையாக்கியது

“கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு, பிணக்குத் தீர்வு, காரணமின்றி முடிவுறுத்தல் ஆகியவற்றை எங்கள் வழங்குநர் ஒப்பந்தங்களிலிருந்து எடுத்து, ஆபத்தை ஒரே பார்வையில் காட்டுவது எப்படி?”

முன்பு இங்கே நான் கேட்ட இக்கேள்விக்கு உதவிய அனைவருக்கும் நன்றி. தலைப்பைத் தேடாமல் விளைவைத் தேடச் சொன்ன சட்டத்தரணி அக்காவின் வழியே பலித்தது. கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வுக்கு force majeure என்று தேடினால் போதும் என்ற தம்பியின் யோசனை சில ஒப்பந்தங்களுக்கே பொருந்தியது. திருகோணமலையிலுள்ள எங்கள் குளிர்களஞ்சியத்துக்கு உதிரிப்பாகம் தரும் வழங்குநரின் ஒப்பந்தத்தில் அச்சொல்லே இல்லை. beyond its reasonable control என்று தேடியபோது, அது விநியோகப் பிரிவுக்குள், வழங்குநருக்கு மட்டும் விலக்களிப்பதாக இருந்தது. without cause என்பதோ ஒப்பந்தக் காலம் பற்றிய பிரிவில் கிடந்தது: அவர்கள் 30 நாள் அறிவித்தலில் விலகலாம், எங்களுக்கு அந்த உரிமை இல்லை.

ஆகவே ‘உண்டு, இல்லை’ என்ற நிரலை நீக்கி, உரிமை யாருக்கு, எத்தனை நாள் அறிவித்தல், பிரிவு இலக்கம், மூலச் சொற்கள் என்று பதிந்தேன். ஒரு தரப்புக்கு மட்டும் சாய்ந்தவை சிவப்பு.

எதிர்பாராதது ஒன்று: ஒப்பந்தம் கொழும்பு நீதிமன்றங்களைச் சொல்ல, கொள்வனவுக் கட்டளையின் பின்பக்க நிபந்தனைகள் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பைச் சொல்கின்றன. எது மேலோங்கும் என்று எந்த ஆவணமும் கூறவில்லை. தம் வீட்டு வாடகைப் பிணக்கை எழுதிய ஐயா இணக்கசபையைப் பரிந்துரைத்தார். எங்கள் முரண் அதனால் தீராது. அட்டவணையில் பிணக்குத் தீர்வுக்கான அந்த வரி இன்னும் முடிவாகாமல் திறந்தே இருக்கிறது.