கலைச்சொல்: ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன் – 'மீட்டமைப்புப் பாதுகாப்பு' சரிதானா?

தேன்மொழி:
வணக்கம். ஒரு கைபேசிக் கையேட்டின் தமிழாக்கத்தில் ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷனுக்கு 'ஆலை மீட்டமைப்புப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர், ரீசெட் செய்தாலும் படங்கள் பத்திரமாக இருக்கும், மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். நடப்பது நேரெதிர்: எல்லாம் அழிந்துவிடும், பழைய கணக்கைக் கொடுக்காமல் கைபேசியும் திறக்காது. 'கணக்குப் பூட்டு' என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமா?

இளங்கோ:
கடையில் 'எஃப்ஆர்பி லாக்' என்று சொன்னால்தான் யாருக்கும் புரிகிறது. அது எப்போது குறுக்கே வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம்.

2015இல் ஆண்ட்ராய்டு 5.1உடன் வந்தது இது. கைபேசியில் கூகுள் கணக்கும் திரைப்பூட்டும் இருந்தால் தானாகவே இயங்கும். செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்தால் முதலில் பின்னையோ பேட்டர்னையோ கேட்கும். சரியாகப் போட்டால் எல்லாவற்றையும் அழிக்கும், பழைய கணக்கின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். பேட்டர்ன் மறந்தவருக்கு அந்த வழி கிடையாது. கைபேசியை அணைத்து, பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, ரிகவரித் திரையில் `Wipe data/factory reset` கொடுப்பார். அங்கே கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. திருடியவனும் இதைத்தான் செய்வான். அதனால்தான் கணக்கின் அடையாளத்தை இந்த அழிப்பு தொடாத, நினைவகத்தின் தனிப் பகுதியில் வைத்திருக்கிறார்கள். கைபேசி மறுபடி எழுந்து வைஃபையில் சேர்ந்ததும், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். புதிய பதிப்புகளில் பழைய பேட்டர்னைப் போட்டாலும் விடும். புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்தால் ஏற்காது.

ஆக, பூட்டப்படுவது கைபேசிதான். 'கணக்குப் பூட்டு' என்றால் ஏதோ கணக்கையே முடக்கிவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

பஷீர்:
இவ்வளவு சிக்கல் இல்லை ஐயா. கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வந்து போட்டால் திறந்துவிடும். இல்லையென்றால் தொலைந்த கைபேசியைத் தேட கூகுள் தரும் ஃபைண்ட் ஹப்பில் போய்த் தொலைவிலிருந்தே அழித்துவிட்டால் பூட்டே வராது.

இளங்கோ:
முதலாவது பாதி சரி. கடவுச்சொல்லை மாற்றியவர் 24 மணி நேரம் பொறுத்துத்தான் ரீசெட் செய்ய வேண்டும் என்கிறது கூகுள். அவசரப்பட்டால், சரியான கடவுச்சொல்லைப் போட்டும் உள்ளே விடாமல் நிற்கும். இரண்டாவது தவறு. ஃபைண்ட் ஹப்பில் அழித்தாலும் பிறகு அதே கணக்கைக் கேட்கும்.

செல்வி:
என் அம்மாவும் பேட்டர்னை மறந்துவிட்டார். படங்கள் போகாமல் திறக்க ஏதாவது வழி உண்டா? கணக்கு, கைபேசி வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்தது. முகவரியே எங்களுக்குத் தெரியாது.

இளங்கோ:
அக்கா, இன்னும் ரீசெட் கொடுக்க வேண்டாம். பேட்டர்ன் இல்லாமல் படங்களை எடுக்க முடியாது. நினைவகம் குறியாக்கம் செய்யப்பட்டது, அதைத் திறக்கும் சாவி அந்தப் பேட்டர்னோடு பிணைந்தது. கணக்கை முதலில் கண்டுபிடியுங்கள். அம்மாவின் சிம்மை வேறு கைபேசியில் போட்டுக்கொண்டு, `accounts.google.com/signin/recovery` பக்கத்தில் மின்னஞ்சலை மறந்துவிட்டதாகக் கொடுங்கள். அந்த எண்ணும், கணக்கில் உள்ள பெயரும் கேட்கும். கடைக்காரர் அம்மா பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை அடித்து வைத்திருந்தால் இங்கேதான் மாட்டும், அவரிடமே கேட்டுவிடுங்கள். நுழைந்ததும் சாதனப் பட்டியலில் அந்த மாடல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சரியான கணக்கு. `photos.google.com` போனால் படங்கள் ஏற்கெனவே மேலேறியிருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். ரீசெட் அதற்குப் பிறகுதான். கணக்கு கிடைக்கவே இல்லை என்றால், வாங்கிய பில்லோடு நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேட்டுப் பாருங்கள். யூடியூபில் சொல்லும் குறுக்குவழிகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 15இல் அவற்றில் பலவற்றை அடைத்துவிட்டார்கள்.

தேன்மொழி:
அப்படியானால் 'முன்கணக்குப் பூட்டு'? முன்பிருந்த கணக்கைக் கேட்கும் பூட்டு. ரீசெட்டுக்கு 'மீட்டமை' என்பதை விட்டுவிட்டு 'முழு அழிப்பு' என்றே எழுதலாம். பொத்தானை அழுத்தும் முன் பயமாவது வரும்.

பஷீர்:
'முன்கணக்கு' என்றால் முன்பணக் கணக்கு மாதிரி இருக்கிறதே. 'பழைய கணக்குப் பூட்டு' என்றால் செகண்ட் ஹேண்ட் வாங்கியவருக்கும் புரியும், விற்றவரைத் தேடிப் போவார். ஐபோனின் ஆக்டிவேஷன் லாக்குக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

இளங்கோ:
'பழைய கணக்குப் பூட்டு' எனக்கும் பிடித்திருக்கிறது. ஐபோனுக்கு ஒத்துவருமா என்பதுதான் சந்தேகம். 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்தது அது. யாருடைய கைபேசி என்ற பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. இங்கே அது கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. பயனருக்கு இரண்டும் ஒன்றுதான், பழுது பார்ப்பவருக்கு வேறு வேறு. ஒரே சொல்லா, இரண்டா? மற்றவர்களும் எழுதுங்கள்.