பெரிய கோயில் அன்றும் இன்றும்: விமானம் பொருந்தினால் நந்தி மண்டபம் விலகுகிறது

வெண்ணாறு:
வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் பழைய அஞ்சலட்டை ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். முன்னால் நந்தி மண்டபம், பின்னால் விமானம். அதே பக்கத்திலிருந்து போனில் எடுத்த படத்தை ஜிம்ப்பில் மேல் லேயராகப் போட்டு விமானத்தைப் பொருத்தினால், நந்தி மண்டபம் இடப்பக்கம் விலகி நிற்கிறது. மண்டபத்தைப் பொருத்தினால் விமானம் இரண்டாகத் தெரிகிறது. வீடியோவில் பழையது கரைந்து புதியது வரும்போது, நடுவில் திரை மங்கிவிட்டு மீள்வது இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

ரீல்மணி:
Perspective கருவியை எடுத்து நாலு மூலையையும் இழுங்க சார். எல்லாம் உட்கார்ந்துடும். நான் அப்படித்தான் செய்வேன்.

பழம்படம்:
கேமரா அதே இடத்தில் இருந்து, சாய்வோ ஜூமோ மட்டும் மாறியிருந்தால் மணி சொல்வது சரி. விமானம் உயரம் என்பதால் போனை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். அப்போது செங்குத்துக் கோடுகள் மேலே குறுகும். பழைய கேமராக்களில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம், அதனால் அந்தப் படங்களில் கோடுகள் நேராக நிற்கும். அந்த வித்தியாசத்தை மூலையை இழுத்துச் சரிசெய்யலாம்.

உங்கள் சிக்கல் வேறு. பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றுக்கொன்று விலகினால், நீங்கள் நின்ற இடமே தவறு. அதை எந்தக் கருவியும் திருத்தாது, மறுபடி போய்த்தான் எடுக்கவேண்டும். விமானத்தைப் பொருத்தும்போது மண்டபம் இடப்பக்கம் போகிறது என்றால், நீங்கள் வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறீர்கள். இடப்பக்கம் நகருங்கள்.

முன்பின் தூரத்துக்குப் பிக்சல் கணக்கு போடுங்கள். பழைய படத்தில் மண்டபத்தின் உயரத்தை விமானத்தின் உயரத்தால் வகுங்கள். புதிய படத்திலும் அப்படியே. உதாரணமாகப் பழையதில் 420-ஐ 600-ஆல் வகுத்தால் 0.70. புதியதில் 0.84 வந்தால் மிகவும் கிட்டே நிற்கிறீர்கள், பின்னால் போகவேண்டும். இது விகிதம் என்பதால் ஜூம் எவ்வளவு என்பது கணக்கைப் பாதிக்காது. மண்டபக் கூரையின் விளிம்பு விமானத்தின் எந்தத் தளத்தை வெட்டுகிறது என்றும் பாருங்கள். பழையதைவிடக் கீழான தளத்தை வெட்டினால் கேமராவைத் தாழ்த்துங்கள். பழைய படத்தை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், அதனால் போனைக் கையில் பிடித்து, ஓரடி நகர்ந்து நகர்ந்து பல படங்கள் எடுத்து வீட்டில் தேர்ந்துகொள்வதே நடைமுறை. 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் இழுபடும்.

பொருத்தும்போது மேல் லேயரை Difference முறையில் வையுங்கள். சரியாக அமர்ந்த விளிம்புகள் கறுத்து மறையும், விலகியவை வெளிச்சக் கோடாகத் தெரியும்.

வெண்ணாறு:
நன்றி ஐயா. இருண்டு போவது?

பழம்படம்:
இரண்டு படத்தின் ஒளிபுகாத் தன்மையையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன், கீழே உள்ளது 100-லிருந்து 0, மேலே உள்ளது 0-லிருந்து 100 என்று. நடுவில் மேல் படம் பாதி, கீழ்ப் படம் கால், மீதிக் கால் பங்கு பின்னணிக் கறுப்பு. கீழே இருப்பதை 100-லேயே விட்டுவிட்டு மேல் படத்தை மட்டும் மாற்றுங்கள். எடிட்டர் இல்லாமலும் செய்யலாம். இரண்டு படமும் ஒரே அளவில், இரட்டைப்படை அகல உயரத்தில் இருக்கவேண்டும்:

```
ffmpeg -loop 1 -t 8 -i old.png -loop 1 -t 8 -i new.png \
-filter_complex "xfade=transition=fade:duration=4:offset=4,format=yuv420p" out.mp4
```

நாலு விநாடி பழையது மட்டும், நாலு விநாடி கரைவு, பிறகு நாலு விநாடி புதியது. மென்மையாகத் தெரிய நாலு விநாடியாவது வேண்டும். மெதுவாக உள்ளே போகும் ஜூம் வேண்டுமென்றால், கரைவு முடிந்த வீடியோவின் மேல் போடுங்கள். தனித்தனிப் படத்தில் போட்டால் பொருத்தியதெல்லாம் கலையும்.

ஒளிநிழல்:
வானத்தையும் கவனியுங்கள். பழைய தகடுகள் பெரும்பாலும் நீலத்தையே வாங்கின, அதனால் நீல வானம் வெளுத்துப்போயிருக்கும். உங்கள் வண்ணப்படம் நேரே வந்தால் கரைவின்போது வானம்தான் கண்ணை இழுக்கும். புதிய படத்தின் நீலச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்புவெள்ளையாக்கி முதலில் கரையுங்கள், வானம் பழையதுபோலவே வெளுக்கும். பிறகு அதிலிருந்து வண்ணப்படத்துக்கு இரண்டாவது கரைவு. நிழலின் திசையும் ஒத்துப்போனால் நல்லது. காலையா மாலையா என்று பழைய படத்தின் நிழலே சொல்லும்.

ரீல்மணி:
நடுவில் விமானம் இரண்டாகத் தெரியாமலிருக்க மார்ஃப் போட்டால் போதாதா?

பழம்படம்:
மார்ஃப் கல்லை ரப்பர்போல வளைக்கும். பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்று பார்ப்பவர் நம்ப முடியாது.

மலைக்கோட்டைவாசி:
என் சங்கடம் வேறு. திருச்சி தெப்பக்குளத்திலிருந்து மலைக்கோட்டையைப் பார்க்கும் பழைய படம். அன்று கேமரா நின்ற இடத்தில் இப்போது கடை. சுவர்தான் தெரிகிறது. என்ன செய்வது?

பழம்படம்:
அந்தக் கடைக்கு மாடி இருந்தால் கேட்டுப்பாருங்கள். ஆனால் உயரம் கூடினால் குளத்தின் கரையும் நடு மண்டபமும் மலையோடு ஒப்பிடும்போது கீழே இறங்கும். மலையை மட்டும் பொருத்தி, முன்பக்கத்தைப் படத்தின் கீழ் விளிம்பில் வெட்டிவிடலாம். குளமும் வேண்டும் என்றால் எனக்கு வழி தெரியவில்லை.

ஒளிநிழல்:
மலைக்கு ஒரு லேயர், குளத்துக்கு ஒரு லேயர் என்று வெட்டித் தனித்தனியாகப் பொருத்தலாமே?

பழம்படம்:
ஒட்டும் இடத்தில், முன்னால் இருப்பது மறைத்த பகுதி வெற்றிடமாக வரும். அதை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்?