12,000 ஆர்.பி.எம். ஷாப்ட்டுக்கு எந்த பேரிங்? அவசரம்

மரப்பட்டறை_கோவை: பெல்ட் ஸ்பிண்டில், 12,000 ஓடுது. பக்கவாட்டு லோடும் இருக்கு, நெடுக்கு லோடும் இருக்கு. 25 நிமிஷத்துல கை வைக்க முடியாத சூடு. டேப்பர் ரோலர் மாத்திடலாமா? நாளைக்கு ஆர்டர் டெலிவரி.

டர்னர்_மணி: தாராளமா டேப்பர் போடுங்க. எங்க லேத் ஹெட்ஸ்டாக்ல 30 வருஷமா அதுதான். ரெண்டு லோடையும் தாங்கும்.

சுழல்தண்டு: ஷாப்ட் விட்டம் என்ன, இப்ப என்ன பேரிங் இருக்கு, நெடுக்கு லோடு மேலயா கீழயா, எதையும் சொல்லாம "எந்த பேரிங்"னு கேட்டா எப்படி? இதை வாராவாரம் சொல்ல வேண்டியிருக்கு.

மோட்டார்_ரவி: எங்க போர் மோட்டார்லயும் இதே சூடுதாங்க. த்ரஸ்ட் பேரிங் மாத்தினதும் சரியாச்சு. அதைப் பாருங்க.

சுழல்தண்டு: அது தண்ணிக்குள்ள நின்னு 2,900 ஓடுற மோட்டார். இதுக்குப் பொருந்தாது.

மரப்பட்டறை_கோவை: மன்னிக்கணும் சார். ரூட்டர் ஸ்பிண்டில். ஷாப்ட் 25 மி.மீ. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, 6205-2RS. நடுவுல 150 மி.மீ. தூரம். ரெண்டு பக்கமும் கவர் போட்டு டைட் பண்ணியிருக்கேன். டூல் 12 மி.மீ. அப்-கட் எண்ட்மில்.

அளவுகோல்: தம்பி, ஒரு விஷயம் பாத்துச் சொல்லுங்க. காலைல முதல் வேலைல, டூல் மரத்துல இறங்கின இடத்துல பள்ளத்தோட அடி சமமா இருக்கா?

மரப்பட்டறை_கோவை: இல்லீங்கண்ணா! இறங்கின இடத்துல பிறை மாதிரி ஒரு திட்டு நிக்குது, நகம் தட்டும். ஆனா சூடானப்புறம் வெட்டுனா திட்டு வராது.

அளவுகோல்: அப்ப விஷயம் தெரிஞ்சுபோச்சு. டூல் இறங்கும்போது மரம் ஷாப்ட்டை மேல தள்ளும். பக்கவாட்டுல நகர ஆரம்பிச்சதும் அப்-கட் முறுக்கு ஷாப்ட்டைக் கீழ இழுக்கும். 6205-க்குள்ள இருக்கிற ஆட்டத்துக்கு ஷாப்ட் இறங்கிடும். அந்தத் திட்டு அதுதான்.

சூடானா ஏன் மறையுது? ஹவுசிங்கை விட ஷாப்ட் 20 டிகிரி கூட சூடாச்சுன்னு வைங்க. 150 மி.மீ. இரும்பு 0.036 மி.மீ. நீளும். ரெண்டு கவரும் அவுட்டர் ரிங்கைப் பிடிச்சிருக்கு, நீள இடமில்ல. முதல்ல ஆட்டம் தீரும், அப்புறம் ரெண்டு பேரிங்கும் ஒண்ணையொண்ணு நெரிக்கும். நெரிச்சா சூடு, சூடானா இன்னும் நீளும்.

அதோட 2RS ரப்பர் சீல் உள் ரிங்கை உரசிக்கிட்டே ஓடும். அந்த அளவுல கேட்டலாக் வேகமே 8,500 கிட்டதான்.

டர்னர்_மணி: அப்ப டேப்பர் போட்டா ஆட்டம் போயிடுமே? நான் சொன்னதும் அதுதானே.

அளவுகோல்: ஆட்டத்தைப் பத்தி நீங்க சொல்றது சரிங்க மணியண்ணா. லோடும் தாங்கும். ஆனா டேப்பர்ல ரோலரோட தலை, உள் ரிங்கோட விளிம்புல வழுக்கி உரசும். லேத் வேகத்துல அது பெரிசில்ல. 12,000-ல, கிரீஸ்ல ஓட்டினா, சூடு அங்கிருந்தே கிளம்பும்.

இதுக்கு ஆங்குலர் கான்டாக்ட், 15 டிகிரி, 7205 C, ஜோடியா. ஒண்ணு மட்டும் போட்டா ஒரு பக்கத் தள்ளலைத்தான் தாங்கும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் வருது. அவுட்டர் ரிங்கோட அகலமான முகங்கள் முதுகோட முதுகா சேரணும், அதான் DB. முன்பக்கம் 30 மி.மீ. இடம் இருக்கா?

பின்னாடி, உரசாத தகர மூடி போட்ட 6205-2Z போதும். அதோட அவுட்டர் ரிங் ஹவுசிங்ல நகரணும். கவர்ல அரை மி.மீ. இடைவெளி விட்டு, அலை வாஷர் ஒண்ணு வைங்க.

பேரிங்_கடை: ஜோடி கேட்டா கடைல 7205 B ரெண்டு எடுத்துக் குடுத்துடுவாங்க. அது 40 டிகிரி, பம்புக்கு ஓடுறது. C-ன்னு எழுத்தைப் பாத்து வாங்குங்க. கிரீஸையும் முழுசா அடைச்சிடுங்க.

சுழல்தண்டு: முழுசா அடைச்சா கிரீஸைக் கடைஞ்சே சூடாகும். காலி இடத்துல மூணுல ஒரு பங்கு போதும். கடைல இருக்கிறவரே இப்படிச் சொல்லலாமா?

பேரிங்_கடை: லாரி வீல் ஹப்புக்கு நாங்க அப்படித்தான் குடுக்குறோம், ஒரு புகாரும் வந்ததில்ல.

சுழல்தண்டு: வீல் ஹப் 12,000 சுத்தாது.

டர்னர்_மணி: மரவேலைக்கு P4 துல்லியத்துல ஜோடி வாங்குறது காசை வீணாக்குறது. சாதா 7205 ரெண்டை வாங்கி, நட்டை இறுக்கி கைல ஃபீல் பாத்தா போதாதா?

அளவுகோல்: P4 வேணுமான்னு எனக்கும் யோசனைதான், P5-லயே மரத்துக்கு ஓடிடலாம். ஆனா கை ஃபீல் வேணாம். ஜோடியா வர்றதுல முகத்தை அரைச்சே இறுக்கத்தை வச்சிருப்பாங்க. நட்டு உள் ரிங்கை ஒட்ட வச்சா அந்த இறுக்கம் தானா வந்துடும். கைல பாத்தா ஆளுக்கு ஆள் மாறும்.

மரப்பட்டறை_கோவை: முன்னாடி 15 மி.மீ. ஸ்பேசர் இருக்கு அண்ணா, எடுத்துட்டா ஜோடி உக்காரும். C ஜோடி இங்க கிடைக்கல, சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு ரெண்டு பக்கமும் 2Z போட்டு, பின் கவரை மட்டும் தளர்த்தி வாஷர் வச்சேன். ஒரு மணி நேரம் ஓடியாச்சு, கை வைக்க முடியுது. திட்டு மட்டும் சூடானப்புறமும் இப்ப லேசா நிக்குது. டெலிவரிக்குக் கிளம்புறேன்.

டர்னர்_மணி: வாஷர்தான் ஆட்டத்தை எடுத்துடுமே, அப்புறம் எப்படித் திட்டு வருது?

அளவுகோல்: வாஷர் மெல்லிசு. டூல் இறங்கும்போது மரம் மேல தள்ளுற பலம் அதை அமுக்கிடும்.